பிளவுஸ் தைப்பவரின் அறிமுகக் குறிப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் பிளவுஸ் தைத்துக் கொடுக்கும் பெண்ணிடம் முதன்முறையாக வருகிறவருக்குத் துணி கெட்டுவிடுமோ என்ற பயம்தான் பெரிது. பட்டுப்புடவையோடு வரும் பிளவுஸ் துணி ஒன்றே ஒன்று. தவறாக வெட்டிவிட்டால் அதே நிறத்தில், அதே கரையோடு இன்னொன்று வாங்க முடியாது. வாட்ஸ்ஆப்பிலோ இன்ஸ்டாகிராமிலோ நீங்கள் எழுதும் அறிமுகம் இந்தப் பயத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். பல அறிமுகங்கள் அதைத்தான் விட்டுவிடுகின்றன.

முதல் தவறு, இணையத்தில் எடுத்த டிசைன் படங்களைப் போடுவது. அதே படத்தை வேறொரு தையல்காரரிடமும் பார்த்தவர் உங்கள் சொந்த வேலையையும் நம்பமாட்டார். நீங்கள் தைத்த ஒரே பிளவுஸைப் பகல் வெளிச்சத்தில் மூன்று படம் எடுத்தால் போதும்: பின்கழுத்து, கைக்குழி, பிறகு உட்புறம். உட்புறப் படத்தைப் பெரும்பாலோர் போடுவதே இல்லை. தையல் தெரிந்தவர்கள் முதலில் தேடுவது அதைத்தான். பக்கத் தையலுக்கு உள்ளே ஓர் அங்குலம் துணி விட்டிருப்பதும், ஓரங்களில் நூல் பிரியாமல் ஓவர்லாக் போட்டிருப்பதும் அதில் தெரியும். உடம்பு சற்றுப் பெருத்தாலும் பிரித்துத் தளர்த்திக்கொள்ளலாம் என்று அவருக்குப் புரிந்துவிடும்.

"எல்லாவிதத் தையலும் செய்யப்படும்" என்ற வரி எதையுமே சொல்வதில்லை. அதற்குப் பதில் இப்படி எழுதிப் பாருங்கள்:

"லைனிங் பிளவுஸ், பிரின்சஸ் கட், எளிய ஆரி வேலை செய்கிறேன். கனமான கல் வேலை எடுப்பதில்லை. அளவு பிளவுஸ் ஒன்று கொண்டுவாருங்கள். அது இப்போது எங்கே இறுக்குகிறது என்றும் சொல்லுங்கள். லைனிங் துணியை நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டுவேன். பெற்றுக்கொண்ட 15 நாட்களுக்குள் அளவுத் திருத்தம் இலவசம்."

லைனிங் பற்றிய வரியை அலங்காரத்துக்காகச் சேர்க்கவில்லை. நனைக்காத பருத்தி லைனிங் முதல் துவைப்பில் சுருங்கும். மேல்துணி அந்த அளவுக்குச் சுருங்காது. பிளவுஸ் உள்ளே இழுத்துக்கொண்டு மேலே மடிப்பு விழும். இந்தத் தொல்லையை ஒருமுறை பட்டவருக்கு அந்த ஒரு வரியே போதும்.

வாடிக்கையாளர் பாராட்டுகளிலும் கவனம் வேண்டும். "சூப்பர் அக்கா" என்ற செய்தியைத் தொலைபேசி எண்ணோடும் முகப்படத்தோடும் அப்படியே போடுகிறார்கள். பார்க்கிறவர், "நாளை என் எண்ணும் இப்படித்தான் வெளியே வருமோ" என்று ஒதுங்கிவிடுவார். அனுமதி கேளுங்கள், எண்ணை மறைத்துவிடுங்கள். "தோள் நழுவுகிறது என்று சொன்னேன், சரியாகத் தைத்தார்" என்பது போன்ற செய்தியைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் வீட்டு எண்ணும் பொதுவில் வேண்டாம். பகுதியின் பெயர் போதும், முழு முகவரியை ஆர்டர் உறுதியானதும் அனுப்பலாம்.

தரும் நாளை எழுதாமல் விடுவதும் தவறு. சாதாரண நாளில் ஒரு வாரம் என்றால் அப்படியே எழுதுங்கள். தை, ஆவணி முகூர்த்த மாதங்களில் வேலை குவியும்போது அந்த வரியை உடனே மாற்றி, எந்தத் தேதிக்குப் பிறகு புதிய துணி வாங்கமாட்டீர்கள் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.