கடைப் பலகையைப் படம் எடுத்து அண்ணாச்சியிடம் விலை கேட்கும்போது வரும் தவறுகள்

திருச்செந்தூர் போய் வருகிறவர்கள் உடன்குடிப் பக்கம் ஒரு கருப்பட்டிக் கடைப் பலகையைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புவது வழக்கமாகிவிட்டது. 1986 வரை அந்த ஊரும் நெல்லை மாவட்டத்தில்தான் இருந்தது. இன்றும் பாளையங்கோட்டை வீடுகளில் கருப்பட்டி என்றாலே உடன்குடிதான். படம் வந்த பிறகு கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போகும். சிக்கல் அந்தச் செய்தியில்தான் ஆரம்பிக்கிறது.

சாக்பீஸில் எழுதிய இப்படி ஒரு பலகையை எடுத்துக்கொள்வோம். விலைகள் உதாரணத்துக்காக வைத்தவை.

கருப்பட்டி
சி 260/-  மொ 240/-
சு ½ 190/-
ப.கல் 100 90/-

எழுதியவருக்கு இதில் ஒரு சந்தேகமும் இல்லை. தினமும் வருகிற ஆட்களுக்காக எழுதியது அது. வெளியூரில் இருந்து படிப்பவருக்கோ தலைப்புக்குக் கீழே உள்ள மூன்று வரியிலும் குழி இருக்கிறது.

முதல் குழி 'சு'. கருப்பட்டிக் கடையில் அது சுக்குக் கருப்பட்டியாக இருக்கலாம், சுத்தக் கருப்பட்டியாகவும் இருக்கலாம். இரண்டும் சாதாரணக் கருப்பட்டியைவிட விலை கூடுதல் என்பதால், விலையை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. 'சி' இன்னும் மோசம். சில்லறை, சில்லுக் கருப்பட்டி என்று இரண்டுக்கும் பொருந்தும். முதலில் 'சீ' என்று எழுதி, மேலே இருந்த சுழி அழிந்து போயிருந்தால் சீனி சேர்த்தது என்றும் ஆகலாம். பக்கத்தில் 'மொ' இருப்பதைப் பார்த்தால் மொத்தம், சில்லறை என்று ஓரளவு ஊகிக்கலாம். ஆனால் படத்தை அனுப்புகிறவர் தனக்கு வேண்டிய 'சி 260' என்ற துண்டை மட்டும் வெட்டி அனுப்பியிருப்பார். துப்புக் கொடுக்கும் 'மொ' வெட்டுப்பட்ட பக்கத்தோடு போயிருக்கும்.

அதனால் முழுப் பலகை தெரிகிற படம் ஒன்று, கேட்க வேண்டிய வரி மட்டும் பெரிதாகத் தெரிகிற படம் ஒன்று, இரண்டும் வேண்டும். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். அனுப்பும் முன் HD என்பதைத் தொட்டுவிட்டால் எழுத்து ஓரளவு நிற்கும். சாக்பீஸ் எழுத்தில் இது முக்கியம். பழைய விலையைக் கையால் துடைத்துவிட்டு அதன் மேலேயே புது விலை எழுதுவார்கள். சுருங்கிய படத்தில் பழைய 7-இன் நிழலும் புதிய 1-உம் ஒன்றாகிவிடும்.

அடுத்தது அளவு. 'சு ½ 190' என்பதில் ½ சின்னதாக, கோணலாக இருக்கும். அதைக் கவனிக்காமல் கிலோ 190 என்று படித்தவர் 10 கிலோவுக்கு 1,900 ரூபாய் என்று கணக்குப் போடுவார். உண்மையில் அரைக் கிலோ 190 என்றால் கிலோ 380, பத்துக் கிலோ 3,800. 'ப.கல் 100 90/-' என்பது பனங்கல்கண்டு 100 கிராம் 90 ரூபாய். ஆனால் இதை 100 ரூபாய்ச் சரக்கு இப்போது 90-க்குக் கிடைக்கிறது என்று படிக்கிறவர்கள் உண்டு. '/-' என்ற குறியில் கோடு மங்கி, சாய்கோடு மட்டும் நின்றால் 90 என்பது 901 ஆகிவிடும். கல்கண்டு கிலோ 901 என்றாலும் நம்பும்படியாகத்தான் இருக்கிறது. பொருந்தாத தப்பு கண்ணில் படும். பொருந்துகிற தப்புதான் ஆளை ஏமாற்றும்.

இத்தனை குழப்பத்தையும் வைத்துக்கொண்டு நம்மில் பலர் அனுப்புகிற செய்தி இது:

"சார், சு 190 தானே? சுத்தமானது தானே?"

பதில் வரும்: "ஆமா."

எதற்கு ஆமா? பலகையில் 190 என்று எழுதியிருக்கிறது, அதனால் ஆமா. தன் சரக்கு சுத்தமானதா என்று கேட்டால் எந்தக் கடைக்காரரும் ஆமா என்றுதான் சொல்வார், அதில் பொய்யும் இல்லை. மண், தூசி இல்லாமல் சுத்தமாகக் காய்ச்சியது என்ற அர்த்தத்தில் சொல்லியிருப்பார். நீங்கள் கேட்டதோ சீனி சேர்க்காததா என்று. பத்துக் கிலோ சுக்குக் கருப்பட்டி வீட்டுக்கு வந்து இறங்கி, கார்த்திகைக்கு ஓலைக் கொழுக்கட்டை அவித்து, பிள்ளைகள் காரம் என்று துப்பிய பிறகுதான் அந்த 'ஆமா'வின் பொருள் விளங்கும்.

'தானே' என்று முடிகிற கேள்வி நம் ஊகத்தைக் கடைக்காரர் வாயில் போட்டுவிடுகிறது. கல்லாவில் நாலு பேர் நிற்கும்போது அவர் அதை ஆராய மாட்டார். கேள்வியைப் படித்தால் 'ஆமா' என்று சொல்ல முடியாதபடி இருக்க வேண்டும்: 'இதுவா, அதுவா' என்று இருக்க வேண்டும், அல்லது எண்ணை அவரே எழுதும்படி இருக்க வேண்டும்.

இன்னொன்று, 'கலப்படமா?' என்று கேட்பது. சீனி சேர்த்துக் காய்ச்சிய கருப்பட்டியும் சேர்க்காததும் ஒரே கடையில் வெளிப்படையாக இரண்டு விலைக்கு விற்கும். கடைக்காரருக்கு அவை இரண்டு ரகம். அதைக் கலப்படம் என்று கேட்டால் முகம் சுண்டிப் போகும், பதிலும் சுருங்கிப் போகும். 'சீனி சேர்த்ததா, சேர்க்காததா' என்று கேட்டால் அவரே விவரமாகச் சொல்லுவார்.

மூன்றாவது தவறு படத்தின் தேதியை மறைப்பது, அல்லது சொல்ல மறப்பது. பதநீர் இறங்குவது பங்குனி, சித்திரையை ஒட்டிய வெயில் மாதங்களில்தான். அப்போது புதுச் சரக்கு வரத்து இருக்கும், விலை தணியும். ஐப்பசி, கார்த்திகையில் இருப்பு வைத்த சரக்குதான், விலையும் ஏறியிருக்கும். வைகாசியில் எடுத்த படத்தை கார்த்திகையில் அனுப்பி 'பலகையில் இப்படிப் போட்டிருக்கிறீர்களே' என்று வாதாடினால் பயன் இல்லை. மழைக்காலத்தில் கருப்பட்டி ஈரம் இழுத்து இளகும் என்பதால், பழைய இருப்பா என்று தெரிந்துகொள்வதும் நல்லது.

இப்போது அதே பலகைக்குச் சரியாக எழுதிய செய்தி:

"அண்ணாச்சி வணக்கம். உங்க கடைப் பலகைப் படம் அனுப்பியிருக்கேன். வைகாசியில எடுத்தது. மூணாவது வரியில 'சு ½ 190'ன்னு இருக்கு. சு-ன்னா சுக்கு போட்டதா, சீனி சேர்க்காததா? எனக்கு சீனியும் சுக்கும் இல்லாதது 10 கிலோ வேணும். அது இன்னைக்கு ஒரு கிலோ எவ்வளவுன்னு எழுதுங்க."

நெல்லைச் சீமையில் கடைக்காரரை 'சார்' என்பதைவிட 'அண்ணாச்சி' என்பது இயல்பு. கல்லாவில் பெண் இருந்தால் 'அக்கா'. படத்தில் எந்த வரி என்று எண்ணிச் சொன்னதையும், அந்த வரியை அப்படியே மேற்கோளில் போட்டதையும் கவனியுங்கள். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்காவிட்டாலும் எதைக் கேட்கிறோம் என்று புரியும். 'எவ்வளவு' என்பதோடு 'ஒரு கிலோ' சேர்த்ததால் அரைக் கிலோ விலை நுழைய வழி இல்லை. என்ன வேண்டும் என்பதைச் சொன்னது இன்னொரு காவல். சுருக்கெழுத்தை நாம் தப்பாகப் படித்திருந்தாலும் அவர் சரியான ரகத்துக்கு விலை சொல்லிவிடுவார்.

பதில் இப்படி வருகிறது என்று வைப்போம்:

"சு சுக்கு தம்பி. இப்ப கிலோ 400. சீனி போடாதது 420. மேல் வரி சாதா."

தெளிவாகிவிட்டது போலத் தெரியும். ஆனால் 'சாதா' என்ற புதுச் சொல் வந்துவிட்டது. அது சீனி சேர்த்ததா, சுக்கு போடாதது என்று மட்டும் பொருளா? நீங்கள் அதை வாங்கவில்லை என்றால் விட்டுவிடலாம். விலை குறைவாக இருக்கிறதே என்று அதன் பக்கம் சாய்ந்தால் கேட்டே ஆக வேண்டும். அதோடு 'மொ' விலை எத்தனை கிலோவில் இருந்து என்பதையும் கேட்க வேண்டும். 10 கிலோ உங்களுக்கு மொத்தம், அவருக்குச் சில்லறையாக இருக்கலாம்.

பதில் குரல் செய்தியாக வந்தால் இன்னும் கவனம். அறுபது, எழுபது, எண்பது மூன்றும் சந்தை இரைச்சலில் ஒன்று போலக் கேட்கும். கேட்டதை எண்ணில் எழுதித் திருப்பி அனுப்புங்கள்:

"சீனி, சுக்கு இல்லாத கருப்பட்டி 10 கிலோ. கிலோ 420. ஆக 4,200. பார்சல் கூலி எவ்வளவுன்னு சொல்லுங்க. இது சரிதானா?"

இந்த இடத்தில் 'சரிதானா' கேட்கலாம். ரகம், அளவு, விலை எல்லாம் எழுத்தில் இருப்பதால் இப்போது வருகிற 'ஆமா'வுக்கு ஒரே பொருள்தான். 'மொத்தம் 4,200' என்று எழுதாமல் 'ஆக' என்று எழுதியது வேண்டுமென்றே. கருப்பட்டிக் கடையில் மொத்தம் என்றால் மொத்த விலை என்றும் படிக்கலாம். பார்சல் கூலியைப் பிரித்துக் கேட்டதற்கும் காரணம் உண்டு: பலகை விலை கடையில் நின்று வாங்குகிறவருக்கு. பஸ்ஸிலோ லாரியிலோ போட்டு அனுப்புகிற செலவு அதில் இல்லை.

நேரமும் பார்த்து அனுப்ப வேண்டும். காலை வியாபார நேரத்தில் வந்த செய்தியைப் பார்த்துவிட்டு, பிறகு எழுதலாம் என்று வைப்பார். மாலைக்குள் அது கீழே போய்விடும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கடை ஓயும் நேரம் நல்லது. நீல டிக் விழுந்தும் பதில் இல்லை என்றால் அதே கேள்வியைத் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டாம். ஒரு தடவை போன் போட்டுப் பேசிவிட்டு, பேசியதை மேலே சொன்ன மாதிரி எழுதி அனுப்பி, அதற்கு 'ஆமா' வந்த பிறகே பணம் போடுங்கள். போடும்போது திரையில் தெரிகிற பெயர் கடைக்காரர் சொன்ன பெயர்தானா என்று பாருங்கள். பலகையின் மூலையில் எழுதியிருக்கிற போன் எண்ணிலும் 1-உம் 7-உம் உண்டு.