500 கேவிஏ டிரான்ஸ்பார்மர் வாங்க டெக்னிக்கல் ஷெட்யூல் எழுதுவது எப்படி?

ஒரு சிறிய தொழிற்சாலை 11 கேவி உயர் அழுத்த இணைப்பு எடுக்கிறது. அதன் உச்ச தேவை 380 கிலோவாட், பவர் ஃபேக்டர் 0.9. அதற்கு டிரான்ஸ்பார்மர் வாங்க கொட்டேஷன் கேட்கும்போது கூடவே போகும் தாள்தான் டெக்னிக்கல் ஷெட்யூல். அதில் "ஐஎஸ் 1180 தரப்படி, நல்ல தரமான டிரான்ஸ்பார்மர்" என்று மட்டும் எழுதினால், பின்னால் எதையும் பிடித்துக் கேட்க முடியாது. அளந்து பார்க்கக்கூடிய ஓர் எண் ஒவ்வொரு வரியிலும் இருக்க வேண்டும். இந்த ஒரே உதாரணத்தை வைத்து வரி வரியாக எழுதிப் பார்ப்போம்.

படி 1: ரேட்டிங்

380-ஐ 0.9-ஆல் வகுத்தால் சுமார் 422 கேவிஏ வரும். கடையில் கிடைக்கும் அளவுகள் 315, 400, 500, 630 என்று போகின்றன. 400 போதாது, ஆகவே 500.

எண்ணை மட்டும் எழுதினால் போதாது. "500 கேவிஏ, 11000/433 வோல்ட், 3 ஃபேஸ், 50 ஹெர்ட்ஸ், Dyn11" என்று முழுதாக எழுதுங்கள். கடைசியில் உள்ள Dyn11, வைண்டிங்குகள் இணைக்கப்படும் முறையைச் சொல்லும் வெக்டர் குரூப். எழுதும் முன் உங்கள் ஃபீடரின் அழுத்தத்தை மின்வாரியத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தமிழ்நாட்டில் 11 கேவி இருப்பது போலவே 22 கேவி ஃபீடர்களும் நிறைய உண்டு. இதில் தவறினால் வந்திறங்கும் டிரான்ஸ்பார்மரை இணைக்கவே முடியாது.

வரும் அழுத்தத்துக்கு ஏற்ப வைண்டிங் சுற்றுகளைக் கூட்டிக் குறைக்க உதவும் டேப்பின் அளவையும் இங்கேயே சொல்லிவிடுங்கள். ஃபீடரின் கடைக்கோடியில் இருந்து அழுத்தம் அடிக்கடி குறையும் இடமென்றால், குறைவுப் பக்கம் கூடுதல் டேப் கேளுங்கள். இல்லையென்றால் 2.5 சதவீதப் படிகளில் கூட்டல் கழித்தல் 5 சதவீதம் போதும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு மாற்றும் வகை இந்த அளவுக்குச் சரி.

படி 2: இம்பீடன்ஸ்

"4.5 சதவீதம்" என்று ஒரு சிறு எண்ணாகத் தெரியும் வரி இது. ஷார்ட் சர்க்யூட் ஆனால் எவ்வளவு கரண்ட் பாயும் என்பதை இதுதான் தீர்மானிக்கிறது.

```
முழுச்சுமை கரண்ட் = 500000 / (1.732 × 433) = 667 A
ஷார்ட் சர்க்யூட் கரண்ட் = 667 / 0.045 = 14.8 kA
```

தரநிலை இதில் 10 சதவீதம் கூடவோ குறையவோ அனுமதிக்கிறது. உண்மையில் 4.05 சதவீதமாக வந்தால் கரண்ட் 16.5 கிலோ ஆம்பியர் ஆகிவிடும். பிரேக்கரையும் பஸ்பாரையும் இந்த மேல் எண்ணுக்குத்தான் தேர்வு செய்ய வேண்டும். 16 கிலோ ஆம்பியர் பிரேக்கரை வாங்கிவிட்டு அப்புறம் விழிப்பதில் பயனில்லை.

ஏற்கெனவே ஒரு டிரான்ஸ்பார்மர் இருந்து, அதோடு பேரலலாக ஓட்டப் போகிறீர்களா? அப்படியானால் பழையதன் பெயர்ப்பலகையைப் பார்த்து அதே இம்பீடன்ஸையும் அதே வெக்டர் குரூப்பையும் கேளுங்கள். பழைய 500 கேவிஏ 4 சதவீதம், புதிய 500 கேவிஏ 5 சதவீதம் என்று வைப்போம். சுமை 5-க்கு 4 என்ற கணக்கில் பிரியும். மொத்தச் சுமை 900 ஆகும்போதே பழையது தன் 500-ஐத் தொட்டுவிடும், புதியது 400-இல் நிற்கும். 1000-க்குக் காசு கொடுத்து 900-ஐத்தான் பயன்படுத்துவீர்கள்.

படி 3: குளிர்விப்பு

எண்ணெயும் காற்றும் தாமாகச் சுழலும் ONAN முறை இந்த அளவுக்குப் போதும். ஃபேன், பம்ப் எதுவும் வேண்டாம். பேஸ்மென்ட்டிலோ ஆட்கள் நடமாடும் கட்டடத்துக்குள்ளோ வைப்பதென்றால் மட்டும் உலர்வகையைப் பற்றி யோசியுங்கள்.

கவனம் வேண்டியது வெப்ப உயர்வில். சுற்றுப்புறத்தைவிட எண்ணெய் 60 டிகிரி, வைண்டிங் 65 டிகிரி உயரலாம் என்ற சர்வதேச எண்கள் ஆண்டுச் சராசரி 20 டிகிரி உள்ள ஊர்களுக்கானவை. நம் நாட்டு வழக்கப்படி ஆண்டுச் சராசரி 32, உச்சம் 50 டிகிரி. சாதாரணக் காகித இன்சுலேஷனுக்கு, வைண்டிங்கின் மிகச் சூடான புள்ளி 98 டிகிரியில் இருந்தால் இயல்பான ஆயுள் கிடைக்கும். அதற்கு மேல் 6 டிகிரி கூடும்போதெல்லாம் காகிதம் தேயும் வேகம் இரட்டிப்பாகிறது. ஆகவே "உச்ச சுற்றுப்புற வெப்பம் 50 டிகிரி, எண்ணெய் உயர்வு 40, வைண்டிங் உயர்வு 45-ஐத் தாண்டக்கூடாது" என்று நீங்களே எழுதிவிடுங்கள். விலை கொஞ்சம் கூடும். நம் வெயிலுக்கு அது தகும் என்பது என் கருத்து.

படி 4: இழப்புகள்

பலர் ஏமாறும் இடம் இது. இழப்பு இரண்டு வகை. கோரில் ஏற்படும் இழப்பு, சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் 24 மணி நேரமும் ஓடும். வைண்டிங்கில் ஏற்படும் இழப்பு சுமையின் வர்க்கத்தில் மாறும். பாதிச் சுமையில் அது கால் பங்குதான்.

இரண்டு கம்பெனிகளின் விலை வந்திருக்கிறது என்று வையுங்கள். முதல் கம்பெனி: கோரின் சுமையில்லா இழப்பு 580 வாட், முழுச்சுமையில் வைண்டிங்கின் சுமை இழப்பு 3720 வாட். இரண்டாவது: 800 வாட், 3500 வாட். இரண்டிலும் மொத்தம் 4300. "முழுச்சுமையில் மொத்த இழப்பு 4300 வாட்டுக்கு மேல் கூடாது" என்று மட்டும் நீங்கள் எழுதியிருந்தால் இரண்டுமே தேறிவிடும். பாதிச் சுமையில் பாருங்கள்:

```
முதலாவது:    580 + 3720/4 = 1510 W
இரண்டாவது:  800 + 3500/4 = 1675 W
```

ஐஎஸ் 1180 மொத்த இழப்பை 50 சதவீதச் சுமையிலும் 100 சதவீதச் சுமையிலும் தனித்தனியாகக் கட்டுப்படுத்துவது இதனால்தான். நீங்களும் இரண்டையும் எழுதுங்கள்.

இதைப் பணமாக மாற்றிப் பார்க்கலாம். சுமை ஏறி இறங்குவதைக் கணக்கில் எடுத்தால், வைண்டிங் இழப்பு ஆண்டுச் சராசரியாக முழு அளவில் ஐந்தில் ஒரு பங்கு ஓடுகிறது என்று வைப்போம். கோரில் 220 வாட் கூடுதல், ஆண்டுக்கு 8760 மணி நேரம் என்றால் 1927 யூனிட். வைண்டிங்கில் இரண்டாவதற்கு 220 வாட் குறைவு. அதில் ஐந்தில் ஒரு பங்குதான் மிச்சமாகும், அதாவது 385 யூனிட். ஆக இரண்டாவது டிரான்ஸ்பார்மர் ஆண்டுக்கு 1540 யூனிட்டுக்கு மேல் அதிகம் தின்னும். யூனிட் 8 ரூபாய் என்றால் ஏறத்தாழ 12,300 ரூபாய், அதுவும் ஒவ்வோர் ஆண்டும். விலையை ஒப்பிடும்போது இந்தத் தொகையையும் சேர்த்துத்தான் பார்ப்போம் என்று ஷெட்யூலிலேயே அறிவித்துவிடுங்கள்.

கூடவே இரண்டு வாக்கியங்கள் கட்டாயம்: "சொன்ன இழப்புக்கு மேல் சலுகை இல்லை", "சுமை இழப்பு 75 டிகிரிக்குத் திருத்திய மதிப்பு". பொதுவான பவர் டிரான்ஸ்பார்மர் தரநிலையில் மொத்த இழப்புக்கு 10 சதவீதம் சலுகை உண்டு. முதல் வாக்கியம் அந்தக் கதவை மூடுகிறது.

படி 5: சோதனைகள்

ஒவ்வொரு டிரான்ஸ்பார்மருக்கும் செய்யவேண்டிய வழக்கமான சோதனைகளை உங்கள் முன்னிலையில் செய்யவேண்டும் என்று எழுதுங்கள். வைண்டிங் ரெசிஸ்டன்ஸ், ரேஷியோவும் வெக்டர் குரூப்பும், இரண்டு இழப்புகள், இம்பீடன்ஸ், இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ், உயர் அழுத்தப் பக்கத்துக்கு 28 கேவியும் தாழ்வழுத்தப் பக்கத்துக்கு 3 கேவியும் ஒரு நிமிடம் கொடுக்கும் சோதனை, இரட்டை அழுத்தத்தில் நடக்கும் இண்டியூஸ்டு சோதனை ஆகியவை அதில் அடங்கும். வெப்ப உயர்வு, இம்பல்ஸ், ஷார்ட் சர்க்யூட் தாங்கும் சோதனை ஆகியவற்றுக்கு அதே ரேட்டிங், அதே டிசைனுக்கான சான்றிதழ் போதும். ஆனால் அந்தச் சான்றிதழிலுள்ள வரைபட எண்ணும் உங்களுக்குத் தரும் வரைபட எண்ணும் ஒன்றா என்று பாருங்கள்.

சோதனை அறிக்கையில் முதலில் தேடவேண்டியது வெப்பநிலை. காப்பர் வைண்டிங்கை 30 டிகிரியில் அளந்தால் ரெசிஸ்டன்ஸ் குறைவாக இருக்கும். திருத்தக் கணக்கு இது:

```
(235 + 75) / (235 + 30) = 1.17
```

அதாவது 75 டிகிரியில் 3720 வாட் ஆகும் இழப்பு, 30 டிகிரியில் சுமார் 3180 என்று காட்டும். திருத்தாத எண்ணை ஒருவர் நீட்டினால், வரம்புக்குள் இருப்பதுபோலத் தோன்றும் டிரான்ஸ்பார்மர் உண்மையில் வெளியே இருக்கலாம். அலுமினியம் வைண்டிங் என்றால் 235-க்குப் பதில் 225 போடுங்கள்.

கடைசி வரியாக, அளந்த இழப்பு உத்தரவாதத்தைத் தாண்டினால் டிரான்ஸ்பார்மரை நிராகரிப்பீர்களா, இல்லை வாட்டுக்கு இவ்வளவு என்று பிடித்தம் செய்வீர்களா என்பதை எழுதுங்கள். ஆர்டர் போடும் முன்பே இதைச் சொல்லியிருந்தால்தான் சோதனைக் கூடத்தில் பேச்சு எடுபடும்.