நூறு பக்க ஆங்கில நெறிமுறையை ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பாக்குவது எப்படி?

பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின் செயலாக்க நெறிமுறை நூறு பக்கத்தைத் தாண்டும், அதுவும் ஆங்கிலத்தில். திருவாரூர்ப் பக்கம் ஒரு கிராம நிர்வாக அலுவலர் மழைக் காலத்தில் அதைப் புரட்டிக்கொண்டிருக்க முடியாது. அவருக்கு ஒரே தாளில் தமிழ்க் குறிப்பு வேண்டும். நான் இரண்டு முறை சொதப்பிய பிறகு பிடிபட்ட வழி இது.

முதலில், கேள்விகளை எழுதுங்கள்

நெறிமுறையைத் திறக்கும் முன் அலுவலரிடம் போய், விவசாயிகள் அவரிடம் என்ன கேட்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எனக்குக் கிடைத்தவை மூன்று: சம்பா முழுகினால் தனியாகப் புகார் கொடுக்கலாமா? நட முடியாமல் போனால் என்ன கிடைக்கும்? பக்கத்து ஊருக்கு வந்த பணம் எங்களுக்கு ஏன் வரவில்லை? இவற்றுக்குப் பதில் தராத அத்தியாயங்களை, எவ்வளவு நன்றாக இருந்தாலும், விட்டுவிடலாம். திட்டத்தின் நோக்கம், நிறுவனத் தேர்வு எல்லாம் அங்கேயே கழன்றுவிடும்.

அடுத்து, விதிவிலக்கைத் தேடுங்கள்

சுருக்கும்போது முதலில் உதிர்வது விதிவிலக்குதான். என் முதல் குறிப்பில் "வயலில் வெள்ளம் தேங்கிச் சேதமானால் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்" என்று எழுதினேன். மூலத்தில் அப்படித்தான் இருந்தது. ஆனால் 2018 திருத்தத்தில், தண்ணீரில் வளரும் நெல், கரும்பு போன்ற பயிர்களுக்கு இந்தத் தனிவயல் வெள்ளச் சேதப் பிரிவு பொருந்தாது என்று சேர்த்திருந்தார்கள். டெல்டாவில் நெல்லை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? குறிப்பை நம்பி மனு எழுதிவந்தவர்களிடம் அந்த அலுவலர் பட்ட பாட்டை நான் சொல்ல வேண்டியதில்லை.

எனவே "தவிர", "இருந்தால் மட்டும்", "உட்பட்டு" என்ற பொருளில் வரும் ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லையும் பென்சிலால் வட்டமிடுங்கள். விதியும் விலக்கும் ஒரே வாக்கியத்தில் வரட்டும், அடிக்குறிப்புக்குப் போனால் யாரும் படிப்பதில்லை. எந்த ஆண்டுத் திருத்தம் என்பதையும் தாளின் மேலேயே எழுதுங்கள். இதே நெல் விலக்கை 2026 காரிஃப் பருவம் முதல் நீக்குவதாக மத்திய அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. ஆண்டு இல்லாத குறிப்பு அன்றோடு பொய்யாகிவிடும்.

சதவீதம் எதற்கு என்று கேளுங்கள்

நெறிமுறையில் 25 சதவீதம் வரும் இரண்டு இடங்களைப் பாருங்கள். அறிவிக்கை செய்யப்பட்ட பகுதியில் முக்கால் பங்குக்கு மேல் விதைக்க முடியாமல் போனால், காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் கிடைக்கும், அதோடு காப்பீடு முடிந்துவிடும். இன்னொன்று நடுப்பருவச் சேதம். எதிர்பார்க்கும் மகசூல் வழக்கமானதில் பாதிக்கும் கீழே போனால், கிடைக்கக்கூடிய இழப்பீட்டில் 25 சதவீதம் வரை முன்பணமாக வரும். முதலாவதில் காப்பீட்டுத் தொகை, இரண்டாவதில் இழப்பீடு. அந்த "வரை"யும் முக்கியம். அதை விட்டால், முழுசாகத் தருவார்கள் என்றுதான் ஊரில் பேசிக்கொள்வார்கள்.

கலைச்சொல்லைக் கணக்காகக் காட்டுங்கள்

மூன்றாவது கேள்விக்கு "த்ரெஷோல்டு யீல்டு" என்ற சொல் வேண்டியிருந்தது. அகராதியைப் பார்த்து "வாசல் மகசூல்" என்று எழுதி மாட்டிக்கொண்டேன். வேளாண் அலுவலகத்தில் புழங்கும் சொல் உத்தரவாத மகசூல். சொல்லைச் சரியாகப் போட்டாலும் விளங்காது, கணக்குதான் விளக்கும். கடந்த 7 ஆண்டுகளில் நல்ல 5 ஆண்டுகளின் சராசரியை எடுத்து, அறிவிக்கப்பட்ட உத்தரவாத விகிதத்தால் பெருக்குகிறார்கள். அப்படி ஏக்கருக்கு 1,000 கிலோ வருவதாக வைத்துக்கொள்வோம். அறுவடைப் பரிசோதனையில் அந்தக் கிராமத்தின் சராசரி 700 கிலோ என்றால், குறைவு 300. அதாவது காப்பீட்டுத் தொகையில் 30 சதவீதம். பக்கத்துக் கிராமத்தில் 1,050 கிலோ வந்தால் அங்கே ஒன்றுமில்லை, ஒருவரின் வயல் முழுக்கப் போயிருந்தாலும் சரி. இதை அப்படியே குறிப்பில் போட்டேன், எண்கள் உதாரணம் என்று சொல்லித்தான்.

கடைசியில், திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்

ஆங்கிலத்தில் சுருக்கிவிட்டு மொழிபெயர்க்காதீர்கள். "செய்யப்பட வேண்டியதாகிறது" மாதிரி வாக்கியங்கள் அப்படித்தான் பிறக்கின்றன. புத்தகத்தை மூடிவிட்டு, கேள்விக்கு வாயால் பதில் சொல்லி, அதை எழுதுங்கள். பிறகு எண்களையும் "வரை", "தவிர"களையும் மூலத்தோடு சரிபார்க்கலாம்.

அப்புறம் தாளை அலுவலரிடம் கொடுங்கள். "புரிகிறதா?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். நான் கேட்டது வேறு: "சார், நட்ட வயல் முழுகிவிட்டது என்று நாளைக்கு ஒருவர் வந்தால் என்ன சொல்வீர்கள்?" அவர் தாளைப் பார்த்துவிட்டு, "இது எந்த வருஷத்து விதி தம்பி?" என்றார். மேல் வரியில் ஆண்டைப் பெரிய எழுத்தில் போட்டது அதற்குப் பிறகுதான்.