மலிவு சப்ளையருக்கு எவ்வளவு பாதுகாப்பு இருப்பு?

பம்புசெட் பட்டறைக்கு தினம் 100 பேரிங் தேவை, ஏற்ற இறக்கம் 20 என்று வையுங்கள். விலை கூடிய சப்ளையர் 5 நாளில் தருவார், ஒரு நாள் முன்பின். மலிவானவர் 12 நாள், 4 நாள் முன்பின்.

```
பாதுகாப்பு இருப்பு = 1.65 × √(L×20² + 100²×s²)
```

L சராசரி டெலிவரி நாள், s அதன் விலகல், 1.65 நூற்றில் 95 முறை இருப்பு தீராமலிருக்க வைக்கும் பெருக்கி. முதலாமவருக்கு சுமார் 180 போதும். மலிவானவரை மட்டும் நம்பினால் 670. அந்த 490 பேரிங்கில் முடங்கும் பணத்தின் வட்டியையும் விலை வித்தியாசத்தில் கழியுங்கள்.

தினத் தேவை 100இல் 70 மலிவானவரிடம், 30 மற்றவரிடம் என்று பிரித்தால் இருவரின் நாட்களையும் சராசரி எடுக்காதீர்கள். அங்கேதான் கணக்கு சறுக்கும். லாரி ரசீது எண் 12ஆம் நாளும் வரவில்லையா? அன்றே முதலாமவரிடம் அவசர ஆர்டர். ஒரு நாள் தாமதமும் சேர்த்து 6 × 70 = 420, விற்பனை ஏற்றத்துக்கு 80, ஆக 500 இருப்பு. அவரால் தினம் 70 கூடுதலாகத் தர முடியுமா என்று முன்பே எழுதி வாங்குங்கள். முடியாதென்றால் இந்த 500 செல்லாது.