சான்றிதழ் படிப்புக்குப் பணமில்லையா? திறன் கடனைக் கேளுங்கள்

கல்விக்கடன் என்றாலே இன்ஜினியரிங், மருத்துவம் என்று நினைத்துக்கொள்கிறோம். ஆறு மாதக் கணக்கியல் பயிற்சிக்கும் வங்கியில் கடன் உண்டு. அதன் பெயர் திறன் கடன், 2015-இல் வந்த திட்டம். 5,000 ரூபாயிலிருந்து கேட்கலாம். பயிற்சிக் கட்டணத்தோடு தேர்வுக் கட்டணம், மதிப்பீட்டுக் கட்டணம், புத்தகச் செலவும் இதில் அடங்கும்.

உதாரணமாக, ஆறு மாதப் பயிற்சிக்கு 48,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் ஆறு மாதமும், முடித்தபின் இன்னொரு ஆறு மாதமும் தவணை கிடையாது. அதற்குள் வேலை தேடிக்கொள்ளலாம். அப்புறம் மூன்று வருடத்தில் கட்ட வேண்டும். அசல் மட்டும் மாதம் சுமார் 1,333 ரூபாய் வரும். வட்டி தனி. முதல் வருடமும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும், முடிந்தால் அதை அவ்வப்போது கட்டிவிடுங்கள்.

பலர் சறுக்குவது ஓரிடத்தில்தான். சீட்டுப் போய்விடும் என்ற பயத்தில் கைமாற்று வாங்கி முழுக் கட்டணத்தையும் கட்டிவிட்டு, பிறகு வங்கிக்குப் போகிறார்கள். வங்கி கட்டணத்தைப் பயிற்சி நிறுவனத்துக்கே நேரடியாகச் செலுத்தும். அதனால் சேர்க்கைக் கடிதமும் கட்டண விவரமும் மட்டும் முதலில் வாங்குங்கள். திறன் படிப்புகளை அரசு தரப்படுத்தும் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பில் உங்கள் படிப்பு இருக்கிறதா என்று nqr.gov.in தளத்தில் பெயரைப் போட்டுத் தேடுங்கள். இருந்தால் அந்தப் பக்கத்தை அச்செடுத்து விண்ணப்பத்தோடு வையுங்கள்.

சொத்து ஜாமீன் தேவையில்லை. அப்பாவோ அம்மாவோ கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திட வேண்டியிருக்கும்.