என்கிளெக்ஸ் தேர்வு: 5 மணி நேரத்தைப் பிரிப்பதும் 85-ஆவது கேள்வியில் வரும் பயமும்

செவிலியர் உரிமத்துக்கான என்கிளெக்ஸ்-ஆர்என் தேர்வை எழுதப்போகிறவர்கள் பாடத்துக்குத்தான் பெரும்பாலும் அட்டவணை போடுகிறார்கள். இதய நோய் இந்த வாரம், சிறுநீரகம் அடுத்த வாரம் என்று. தேர்வறையில் அந்த 5 மணி நேரம் எப்படிக் கழியும் என்பதற்கு யாரும் அட்டவணை போடுவதில்லை. பதற்றத்தில் பாதி அங்கிருந்துதான் வருகிறது. ஆகவே இந்தக் குறிப்பு பாடத்தைத் தொடாது. கடிகாரத்தையும் பயத்தையும் சேர்த்தே பார்க்கும். இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கிறவை.

படி 1: தேர்வு எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள வடிவத்தில் குறைந்தது 85 கேள்விகள், அதிகபட்சம் 150. மொத்த நேரம் 5 மணி. அறிமுகத் திரைகளும் இடைவேளைகளும் இதற்குள்தான் அடக்கம். கேள்வியைத் தாண்டிப் போக முடியாது, திரும்பி வரவும் முடியாது. முதல் 85-க்குள் மூன்று கேஸ் ஸ்டடிகள் வரும். ஒவ்வொன்றிலும் ஒரே நோயாளியைப் பற்றி ஆறு கேள்விகள். மதிப்பெண்ணில் சேராத 15 சோதனைக் கேள்விகளும் நடுவில் கலந்திருக்கும். எவை என்று உங்களுக்குத் தெரியாது.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். நீங்கள் சரியாக விடை சொன்னால் கணினி அடுத்து சற்றுக் கடினமானதைத் தரும், தவறினால் சற்று எளிதானதை. சரியாகச் சொல்ல ஏறத்தாழ பாதி வாய்ப்பு உள்ள கேள்வியையே அது உங்களுக்காகத் தேடுகிறது. அதனால் நன்றாகப் படித்தவருக்கும் தேர்வு முழுக்கத் தடுமாறுவதுபோல்தான் இருக்கும். கல்லூரித் தேர்வில் எண்பது சதவீதம் எடுத்துப் பழகியவர்களுக்கு இந்த உணர்வு புதிது. 'நான் தோற்றுக்கொண்டிருக்கிறேன்' என்று உடனே முடிவுகட்டிவிடுகிறார்கள். தடுமாற்றம் இந்தத் தேர்வின் அமைப்பிலேயே இருக்கிறது. அதை வைத்து நீங்கள் தேறுகிறீர்களா இல்லையா என்று ஊகிக்க வழியே இல்லை.

படி 2: உங்கள் வேகத்தை அளந்து பாருங்கள்

மூன்று கேஸ் ஸ்டடிகள் உள்ள 85 கேள்வி மாதிரித் தேர்வு ஒன்றை ஒரே அமர்வில் எழுதுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் ஆன நேரத்தைப் பல கேள்வி வங்கிகளே காட்டும். இல்லையென்றால், அதிக நேரம் இழுத்த கேள்வியின் எண்ணை மட்டும் தாளில் குறித்துவையுங்கள்.

ஒரு மாணவியின் கணக்கு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 85 கேள்விக்கு அவர் எடுத்தது 190 நிமிடம். கேட்டால் மோசமாகத் தெரியாது. ஆனால் இதே வேகத்தில் 150 கேள்வி வரை போக 335 நிமிடம் வேண்டும். கையில் இருப்பதோ 300.

எங்கே போனது நேரம்? பிரித்துப் பார்த்தால், கேஸ் ஸ்டடியின் 18 கேள்விகளுக்கு 50 நிமிடம். அதில் தவறில்லை, நோயாளியின் குறிப்புகளைப் படிக்க நேரம் ஆகும். மீதி 67-இல் 55 கேள்விகளை 85 நிமிடத்தில் முடித்திருக்கிறார். கேள்விக்கு ஒன்றரை நிமிடம், நல்ல வேகம். எஞ்சிய 12 கேள்விகள் மட்டும் 55 நிமிடத்தை விழுங்கியிருக்கின்றன. அந்தப் பன்னிரண்டில் அவர் சரியாகச் சொன்னது ஐந்து. நாலரை நிமிடம் உட்கார்ந்து யோசித்தும் பாதிகூடத் தேறவில்லை.

'வேகமாக எழுதுங்கள்' என்று இவரிடம் சொன்னால், நன்றாகப் போகும் 55 கேள்விகளையும் சேர்த்துக் கெடுத்துக்கொள்வார். அவர் மாற்ற வேண்டியது அந்தப் பன்னிரண்டை மட்டும்தான். அவற்றை இரண்டரை நிமிடத்தில் நிறுத்தினால் 25 நிமிடம் மிச்சம். 85 கேள்வி 165 நிமிடத்தில் முடியும். மேலே 65 கேள்வி வந்தாலும் அவற்றுக்குச் சுமார் 112 நிமிடம். மொத்தம் 277; பத்து பத்து நிமிடமாக இரண்டு இடைவேளை எடுத்தாலும் 297. இறுக்கம்தான், ஆனால் அடங்கிவிடுகிறது.

படி 3: இரண்டரை நிமிடத்தில் கையை எடுப்பது

மாட்டிக்கொள்ளும் கேள்வி பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: இரண்டு விடைகளை நீக்கிவிடுவீர்கள், மற்ற இரண்டுக்கும் நடுவே மாறி மாறிப் போவீர்கள். ஒரு எடுத்துக்காட்டு. நான்கு நோயாளிகளில் யாரை முதலில் பார்ப்பீர்கள்?

ஒருவருக்கு அப்பெண்டிக்ஸ் அறுவை முடிந்து வலி 10-க்கு 6. இன்னொருவர் நீரிழிவு நோயாளி, சர்க்கரை 180. மூன்றாமவர் சிஓபிடி நோயாளி, ஆக்சிஜன் அளவு 90 சதவீதம். நான்காமவருக்கு நேற்று தைராய்டு அறுவை. வாயைச் சுற்றி மதமதப்பாக இருக்கிறது என்கிறார்.

முதல் அரை நிமிடம் கேள்வி என்ன கேட்கிறது என்பதற்கு: 'முதலில் யார்'. அடுத்த ஒரு நிமிடத்தில் நீக்குங்கள். வலியும் 180 சர்க்கரையும் காத்திருக்கலாம். மிச்சம் இரண்டு. 'மூச்சு சம்பந்தப்பட்டதுதான் முதல்' என்று மனம் சிஓபிடி பக்கம் இழுக்கும். இங்கே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒரே கேள்வி: இது இந்த நோயில் எதிர்பார்க்கக்கூடியதா, புதிதாக வந்த ஆபத்தா? சிஓபிடியில் 88 முதல் 92 வரை இருப்பது வழக்கம். தைராய்டு அறுவைக்குப் பின் வாய் மதமதப்பு என்றால், பாராதைராய்டு பாதிக்கப்பட்டுக் கால்சியம் குறைகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அது குரல்வளை இறுகும் வரை போகலாம். நான்காமவரே விடை.

இதற்கு மேலும் தெரியவில்லை என்றால்? மூன்றாவது முறை படிப்பதற்கு ஒரு நிபந்தனை வைத்துக்கொள்ளுங்கள்: எந்தச் சொல்லைத் தேடுகிறேன் என்று சொல்ல முடிந்தால் படிக்கலாம். வெறும் பயத்தில் படிப்பதானால் வேண்டாம், ஒன்றைத் தேர்ந்து அடுத்ததற்குப் போங்கள்.

'பொருந்துவன எல்லாவற்றையும் தேர்வு செய்க' வகைக்கு ஒரு வார்த்தை. முன்பு ஒன்று தவறினாலும் பூஜ்யம். இப்போது சரியானதற்கு ஒன்று கூடும், தவறானதற்கு ஒன்று குறையும், பூஜ்யத்துக்குக் கீழே போகாது. ஆகவே ஒவ்வொரு வரியையும் தனியாக ஆம் அல்லது இல்லை என்று முடிவு செய்யுங்கள். எத்தனை விடை இருக்கும் என்று கணக்குப் போடுவது வீண்.

படி 4: மூன்று இடத்தில் மட்டும் கடிகாரம்

ஒவ்வொரு கேள்விக்கும் மணி பார்ப்பவர் கேள்வியைப் படிப்பதில்லை. திரை மீதி நேரத்தைக் காட்டும், அதனால் இலக்கையும் மீதி நேரத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். தேர்வு தொடங்கிய பிறகு அவர்கள் தரும் அழிக்கக்கூடிய பலகையில் இதை எழுதலாம்: 4 மணி மீதி, 30-ஆவது கேள்வி. 3 மணி மீதி, 60. ஒன்றரை மணி மீதி, 105. இரண்டாவதும் மூன்றாவதும் கணினியே இடைவேளை வேண்டுமா என்று கேட்கும் நேரங்கள் (தொடங்கி 2 மணி, மூன்றரை மணி கழித்து), எனவே மறக்காது.

ஒன்றரை மணி மீதி இருக்கும்போது 92-இல்தான் நிற்கிறீர்கள் என்று வையுங்கள். இன்னும் 58 வரலாம். இரண்டாவது இடைவேளையை விட்டுவிட்டால் கேள்விக்கு ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று அதிகம் கிடைக்கும், சமாளிக்கலாம். செய்யக்கூடாதது ஒன்று உண்டு: கடைசியில் படிக்காமல் மளமளவென்று ஊகித்துத் தள்ளுவது. தொடர்ந்து தவறினால் உங்கள் மதிப்பீடு சரிந்துகொண்டே வரும். 85-ஐத் தாண்டிய பிறகு நேரம் தீர்ந்தால், அதுவரை நீங்கள் பதில் சொன்னவற்றை வைத்தே கணினி முடிவு செய்யும். அதனால் பத்துக் கேள்வியை ஊகிப்பதைவிட ஐந்தை ஒழுங்காகப் படித்துச் சொல்வது மேல். ஆனால் 85-ஐத் தொடாமலே நேரம் தீர்ந்தால் தோல்விதான். அதுவரை மெதுவாகப் போக உங்களுக்கு உரிமை இல்லை.

படி 5: 86-ஆவது கேள்வி வரும்போது

திரை அணையும் என்று காத்திருந்து, 86 வந்ததும் நெஞ்சு படபடப்பவர்கள் ஏராளம். நேரம் இருக்கும்போதே 150-க்கு முன் கணினி நிற்பது, நீங்கள் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலா கீழா என்பது 95 சதவீதம் உறுதியானால் மட்டுமே. 86 வருகிறது என்றால் அந்த உறுதி இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். கோட்டுக்குச் சற்று மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் அது ஒன்றுபோலவே வரும். 85-இல் நின்றவர்களிலும் தோற்றவர்கள் உண்டு. அந்த இடத்தில் 'போச்சு' என்று முடிவெடுத்தால் அடுத்த இருபது கேள்வியும் கவனமில்லாமல் போகும். கோட்டுக்கு அருகே இருப்பவருக்கு அந்த இருபதுதான் முடிவைத் தீர்மானிக்கும்.

மாதிரித் தேர்விலேயே இதைப் பழகிவிடுங்கள். 85 முடிந்த கையோடு எழுந்திருக்காமல் இன்னும் நாற்பது எழுதுங்கள். சில நாட்கள் 150-ம் எழுதுங்கள். 86 பழகிய எண்ணாகிவிடும்.

படி 6: உடம்பு பதறும்போது

பதற்றம் வந்ததற்கு நம்பகமான அடையாளம், ஒரே வரியை இரண்டு முறை படித்தும் மனதில் ஏறாதது. கவலை, யோசிப்பதற்கான இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அப்போது மௌஸிலிருந்து கையை எடுங்கள். நான்கு எண்ணும் வரை மூச்சை உள்ளே இழுத்து, ஆறு எண்ணும் வரை வெளியே விடுங்கள், மூன்று முறை. மூச்சை நீளமாக விடும்போது வேகஸ் நரம்பு வழியாக இதயத் துடிப்பு தணிகிறது. ஆகும் நேரம் அரை நிமிடம். புரியாமல் படித்துக்கொண்டிருந்தால் அதைவிட அதிகம் போயிருக்கும். ஆனால் தேர்வன்று முதன்முதலாகச் செய்தால் வேலை செய்யாது. மாதிரித் தேர்வில் மாட்டிக்கொள்ளும் கேள்விதோறும் செய்து பழகுங்கள்.

மாத்திரையைப் பற்றியும் கேட்பீர்கள், செவிலியர்கள் ஆயிற்றே. ப்ரோப்ரனோலால் போட்டால் நடுக்கம் குறையும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். ஆஸ்துமா உள்ளவருக்கு அது என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும். மருத்துவர் எழுதிக்கொடுத்தாலும் தேர்வன்று முதல் மாத்திரையைப் போடாதீர்கள். முன்பே ஒரு மாதிரித் தேர்வு நாளில் போட்டுப் பாருங்கள். வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, புத்தகத்தைத் திறந்தாலே மூச்சு முட்டுகிறது என்றால் மூச்சுப் பயிற்சி போதாது, மருத்துவரைப் பார்க்க வேண்டும். கண்டறியப்பட்ட பதற்றக் கோளாறு இருந்தால் கூடுதல் நேரம் போன்ற வசதிகளைக் கேட்கலாம். அதை நீங்கள் விண்ணப்பிக்கும் செவிலியர் ஒழுங்குமுறை வாரியத்திடம், தேர்வு நாளைப் பதிவு செய்வதற்கு முன்பே, சான்றுகளோடு கேட்க வேண்டும்; தேர்வு மையத்தில் போய்க் கேட்டால் நடக்காது.