ஊருக்குத் திரும்பி வாறவரின்ர மூக்கு: கதையில விடக்கூடாத பிழையள்

கன வருசத்துக்குப் பிறகு வன்னிக்கு வாற ஒராளைப் பற்றி எழுதேக்க முதல் பந்தியிலயே "மண்வாசனை மூக்கைத் துளைத்தது" எண்டு போட்டுடுவினம். வெளிநாட்டில இருந்து வாறாக்கள் கூடுதலா பள்ளிக்கூட லீவுக்கு ஆடி ஆவணியிலதான் வருவினம், அப்ப இஞ்ச வெக்கையும் புழுதியும்தான், பெருமழை ஐப்பசி கார்த்திகையில. புது வைக்கோல் மணமும் அப்பிடித்தான், காலபோக அறுவடை தை மாசியில முடிஞ்சிடும், ஆவணியில அந்த மணம் வேணுமெண்டா இரணைமடுக் குளத்துத் தண்ணி பாயிற சிறுபோக வயல்பக்கம் ஆளைக் கொண்டுபோகோணும். அதால முதல்ல மாசத்தை முடிவெடுங்கோ.

அடுத்தது பெரிய பிழை. எல்லாருக்கும் பொதுவான மணத்தைக் குடுக்கிறது. மல்லிகை, அம்மாவின்ர குழம்பு எண்டு. உங்கட ஆள் எந்த வருசம் வெளிக்கிட்டவர் எண்டு பாருங்கோ. 90களில வன்னியில பொருளாதாரத் தடை, பெற்றோல் இல்லை, மோட்டச்சைக்கிளை ரெண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணிப்போட்டு மண்ணெண்ணையில ஓடின காலம், இரவில ஜாம் போத்தல் விளக்கு. அப்ப பத்து வயசில இருந்த பிள்ளைக்கு ஊர் எண்டாலே மண்ணெண்ணைப் புகைதான். ஆனா அதைக் கிளிநொச்சிச் சந்தியில வைக்காதேங்கோ, இப்ப அங்க கரண்டும் பெற்றோல் செட்டும் இருக்கு, அவர் தேடிக்கொண்டு வந்த மணம் அங்க இல்லை. (எனக்கெண்டா இந்த இல்லாததுதான் கதையே.) ரெண்டு நாள் கழிச்சு சைக்கிள் கடையில ஒரு பெடியன் செயினை மண்ணெண்ணையில கழுவிக்கொண்டிருக்கேக்க எதிர்பாராம வரட்டும்.

மணம் வந்த உடன "அவனுக்கு 1996ஆம் ஆண்டு ஞாபகம் வந்தது" எண்டு முழு பிளாஷ்பேக்கையும் அவிட்டுவிடாதேங்கோ. மணம் மூளையில உணர்ச்சி, ஞாபகம் சம்பந்தப்பட்ட இடங்களுக்குக் கிட்டத்தட்ட நேராப் போகுது, அதால முதல்ல வாறது உணர்ச்சி, என்ன மணம், எப்பத்தையது எண்ட பேர் பிந்தித்தான் வரும். இப்பிடி எழுதிப் பாக்கலாம்:

"கடைக்காரர் காத்து அடிச்சு முடிச்சிட்டார். இவன் காசை நீட்டாமல் நிண்டான். ஏனோ சத்தம் போடாமல் இருக்கோணும் போல கிடந்தது. பெடியன் செயினைத் தூக்கி உதறினான். மண்ணெண்ணை. விளக்கைக் குறை எண்டு அப்பா கையால காட்டுறவர்."

அப்பாவோட நிப்பாட்டுங்கோ, பங்கரும் இடப்பெயர்வும் அதே மூச்சில வேண்டாம்.

கடைசியா ஒண்டு, மூக்கு கொஞ்ச நிமிசத்தில பழகிப்போகும். மூண்டு பக்கத்துக்கு ஒரே மணத்தை மணந்துகொண்டிருக்க ஏலாது. அந்தப் பெடியனுக்கு அது மணக்கவே மணக்காது, "என்ன மணம் அண்ணை?" எண்டுதான் கேப்பான், அந்த ஒரு கேள்வி ரெண்டு பேருக்கும் உள்ள தூரத்தைச் சொல்லிடும், நீங்கள் தனியா விளக்கத் தேவையில்லை.